யாரும் குளிக்காத பாத்ரூமில் நாற்றம் எங்கிருந்து வருகிறது?

போன மே மாதம் தாம்பரம் பக்கத்தில் ஒரு மாடி வீட்டிலிருந்து அழைத்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்காக மாடியில் ஒரு படுக்கையறையும் அதோடு ஒட்டிய பாத்ரூமும் கட்டியிருக்கிறார்கள். மகன் பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து அறை பூட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் கடைசியில் நாற்றம் லேசாகத் தொடங்கி, மே நடுவில் மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டது.

நான் போவதற்குள் அவர்கள் நிறையச் செலவு செய்திருந்தார்கள். செப்டிக் டேங்க் நிறைந்துவிட்டது என்று நினைத்து லாரி வரவழைத்து எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் குறைந்த மாதிரி இருந்ததாம், பிறகு அதே நாற்றம். ஒருவர் வந்து, தரைக்கு அடியில் பைப் உடைந்திருக்கும், டைல்ஸை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்கு விலை கேட்டுப் பயந்துபோய்த்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் டார்ச்சைத்தான் முதலில் எடுத்தேன். தரையில் தண்ணீர் போகும் இடத்தில் இருக்கும் சல்லடை மூடியைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்தேன். அங்கே இருக்கும் வளைந்த குழாய்தான் ட்ராப், அது நல்ல நிலையில் இருந்தால் உள்ளே தண்ணீர் கண்ணாடி மாதிரி மினுங்கும். இங்கே மினுக்கமே இல்லை. காய்ந்த அழுக்கு வளையம் மட்டும் தெரிந்தது. அந்த வளையம் இருந்த உயரம்தான் முன்பு தண்ணீர் நின்ற உயரம்.

நம் ஊரில் இதை நஹானி ட்ராப் என்போம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் ஓட்டைதான். உள்ளே குழாய் கீழே இறங்கி, வளைந்து, மறுபடி கொஞ்சம் மேலே ஏறித்தான் வெளியே போகிறது. அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். நாம் ஊற்றும் தண்ணீர் அதைத் தள்ளிக்கொண்டு போகும், அந்தப் பக்கத்துக் காற்று அதைத் தாண்டி இந்தப் பக்கம் வராது. அடைப்பாக நிற்கும் இந்தத் தண்ணீரின் உயரத்தை வாட்டர் சீல் என்கிறோம். நல்ல ட்ராப்பில் அது 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் ஒரு அங்குலம் இருந்தாலே பெரிது.

தண்ணீர் முழுவதும் வற்றினால்தான் நாற்றம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வளைவின் உள்விளிம்புக்குக் கீழே மட்டம் ஒரு நூலளவு இறங்கினாலே போதும், காற்றுக்கு வழி திறந்துவிடும். அடியில் அரை டம்ளர் தண்ணீர் கிடக்கும், ஆனால் அது எதையும் தடுக்காது. வெயில் காலத்தில் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அங்குல சீல் ஐம்பது நாளில் திறந்துவிடும், ஒரு அங்குல சீல் ஒரு மாதம்கூடத் தாங்காது. பொங்கலுக்குப் பிறகு குளிர்ச்சியான வாரங்களில் மெதுவாக இறங்கிய தண்ணீர், ஏப்ரல் வெயிலில் வேகமாக இறங்கியிருக்கிறது. அவர்கள் சொன்ன கணக்கு அப்போது பொருந்துவதாகத்தான் தோன்றியது.

அந்தப் பாத்ரூமில் இன்னொன்றும் இருந்தது. நாற்றம் போகட்டும் என்று எக்ஸாஸ்ட் ஃபேனை இரவும் பகலும் ஓட விட்டிருந்தார்கள். கதவு மூடியிருக்கிறது, ஜன்னலும் மூடியிருக்கிறது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்குப் பதிலாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கதவடி இடுக்கு வழியாகக் கொஞ்சம் வரும், மீதியைத் திறந்து கிடக்கும் ட்ராப் கொடுக்கும். அதாவது, கழிவுக் குழாயிலிருக்கும் காற்றை அந்த ஃபேனே அறைக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

இதைக் கண்ணால் காட்ட ஒரு டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து, சல்லடைக்கு ஒரு விரல் மேலே பிடித்தேன். ஃபேன் ஓடும்போது நாடா மேலே எழும்பி ஆடியது. ஃபேனை நிறுத்தியதும் தொங்கியது. இந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம். ஆனால் தீக்குச்சியோ மெழுகுவர்த்தியோ வைத்துப் பார்க்காதீர்கள். கழிவுக் குழாயில் மீத்தேன் இருக்கும், அது எரியும் வாயு. அழுகிய முட்டை போல வீசுவது ஹைட்ரஜன் சல்பைடு. வீட்டுக்குள் வரும் அளவு பொதுவாகக் குறைவுதான் என்றாலும், தலைவலியும் குமட்டலும் வரலாம். அதே அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு பழகிவிடுகிறது, அதனால் வீட்டில் இருப்பவர்களுக்கு அதன் அளவு சரியாகத் தெரிவதில்லை. வெளியே போய்விட்டு வந்து முகர்ந்தால்தான் தெரியும்.

வெறும் நாற்றம்தானே என்று சொல்பவர்களிடம் நான் ஹாங்காங்கில் நடந்ததைச் சொல்வேன். 2003-இல் சார்ஸ் பரவியபோது அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் மட்டும் 300 பேருக்கு மேல் நோய் வந்தது. அங்கே பலர் பாத்ரூம் தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், துடைத்து மட்டும் வந்ததால் தரை ட்ராப்கள் காய்ந்து கிடந்தன. குழாயில் இருந்த கிருமி கலந்த நீர்த்துளிகளை எக்ஸாஸ்ட் ஃபேன் அந்த வழியாக வீடுகளுக்குள் இழுத்தது, நோய் பரவியதற்கு இது ஒரு முக்கிய வழி என்று அந்த அரசின் விசாரணை சொன்னது. எல்லா வீட்டிலும் அப்படி நடந்துவிடும் என்று சொல்ல வரவில்லை. காய்ந்த ட்ராப் வழியாக என்னென்ன வரலாம் என்பதற்குச் சொல்கிறேன். நம் வீடுகளில் அந்த வழியாக அதிகம் வருவது கரப்பான் பூச்சிதான்.

சரி, தாம்பரம் வீட்டுக்கு வருவோம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டு, தரை ட்ராப்பில் மெதுவாக மூன்று மக் தண்ணீர் ஊற்றினேன். ட்ராப் நிறைய ஒரு மக்கே போதும், மீதி அழுக்கைக் கழுவ. வாஷ் பேசின் குழாயை அரை நிமிடம் திறந்துவிட்டேன், அதன் அடியிலுள்ள பாட்டில் ட்ராப்பும் காய்ந்திருந்தது. கமோடிலும் தண்ணீர் மட்டம் ரொம்பக் கீழே இருந்தது. கசிகிறது என்று ஃப்ளஷ் டேங்க்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக்கை மூடி வைத்திருந்தார்கள், அதனால் ஃப்ளஷ் டேங்க்கும் காலி. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். ஒரு பாத்ரூமில் இந்த மூன்றில் ஒன்று திறந்திருந்தாலும் நாற்றம் வரும். தரையில் மட்டும் ஊற்றிவிட்டு, நாற்றம் போகவில்லையே என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பேசினை மறந்தவர்கள்தான். அரை மணி நேரத்தில் அறை சரியாகிவிட்டது.

"இவ்வளவுதானா தம்பி?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார். "இவ்வளவா இல்லையான்னு ஒரு வாரம் கழிச்சுத்தான்மா தெரியும்" என்றேன். ஒரு குச்சியை ட்ராப்புக்குள் விட்டு, நனைந்த உயரத்தில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்தேன். யாரும் அந்தப் பாத்ரூமைப் பயன்படுத்தாமல், வாரம் கழித்து அதே குச்சியை விட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆவியானால் சில மில்லிமீட்டர்தான் குறையும்.

எட்டாவது நாள் போன் வந்தது. தண்ணீர் கோட்டிலிருந்து ஒரு அங்குலத்துக்கும் அதிகமாக இறங்கியிருந்தது.

ஆவியாவது மட்டும் காரணமாக இருந்தால் இவ்வளவு வேகமாக இறங்காது. ட்ராப்பில் விரிசல் இருக்கலாம், அப்போது கீழ் அறையின் கூரையில் ஈரம் தெரியும். அங்கே தெரியவில்லை. பல மாடிக் கட்டடமாக இருந்தால், மேல் வீட்டில் ஃப்ளஷ் செய்யும்போது இந்த ட்ராப்பில் களக் களக் என்று சத்தம் வந்து தண்ணீர் உறிஞ்சப்படும். அதற்குக் காற்றுக் குழாய் இல்லாததோ அடைபட்டதோ காரணம், எத்தனை வாளி ஊற்றினாலும் தீராது. இந்த வீட்டில் மேலே மாடியே இல்லை. கையுறை போட்டுக்கொண்டு வளைவுக்குள் விரலை விட்டுத் துழாவினேன். மாப்பின் நூல்கள், நாலைந்து சேர்ந்து திரியாக முறுக்கிக் கிடந்தன. ஒரு முனை தண்ணீருக்குள், மறு முனை வெளியேறும் குழாய்க்குள் தொங்கியது. விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல அது தண்ணீரை இழுத்து மறுபக்கம் சொட்ட விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. மாடி அறையைத் துடைத்துவிட்டு மாப்பை அங்கேதான் அலசியிருக்கிறார்கள். தலைமுடிக் கொத்தும் இதே வேலையைச் செய்யும். அதை எடுத்த பிறகு குச்சிக் கோடு அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருந்தது.

அப்புறம்தான் எண்ணெய் ஊற்றினேன். நிறைந்த தண்ணீர் மேல் 50 மில்லி, சின்ன காபி டம்ளரில் பாதி, ஓரமாக மெதுவாக ஊற்ற வேண்டும். அது படலமாக மிதந்து தண்ணீர் ஆவியாகாமல் காக்கும். குழாய் பக்கத்துக் காற்று எப்போதும் ஈரமாகவே இருப்பதால் அந்தப் பக்கம் தண்ணீர் அதிகம் குறையாது, நம் பக்கத்தை மூடினால் போதும். சமையல் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, ஆனால் சிக்கு வாடை வரும், எறும்பும் கரப்பானும் தேடி வரும். மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் கெடாது. ஒருமுறை அந்தப் பாத்ரூமில் குளித்தால் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும், திரும்ப ஊற்ற வேண்டும். கமோடுக்கு எண்ணெய் வேண்டாம், ஊருக்குப் போகும்போது மூடியை மூடி வைத்தால் வற்றுவது குறையும்.

சிலிகான் நாக்கு வைத்த, தண்ணீரே தேவையில்லாத ட்ராப்களும் கடையில் இருக்கின்றன. பரவாயில்லை, ஆனால் நாக்கின் விளிம்பில் ஒரு முடி சிக்கினாலும் அது முழுக்க மூடாது. நான் அவற்றைத் தண்ணீர் ட்ராப்புக்குத் துணையாகத்தான் போடுகிறேன், பதிலாக அல்ல.

நாற்றத்துக்காக அந்த வீட்டில் ஆசிட்டும் வாங்கி வைத்திருந்தார்கள், பக்கத்திலேயே பிளீச்சிங் பவுடரும் இருந்தது. இரண்டும் ஒரே ஓட்டையில் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அதைச் சுவாசித்தால் மூச்சுக்குழாய் புண்ணாகும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அந்த இரண்டையும் தனித்தனி இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அந்த அம்மா மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாடி விளக்கைத் துடைக்கப் போகும்போது, பேசினைத் திறந்துவிட்டு, கமோடை ஒருமுறை ஃப்ளஷ் செய்துவிட்டு, தரையில் குச்சியை விட்டுப் பார்க்கிறார். கோட்டுக்குக் கீழே இருந்தால் ஒரு மக் தண்ணீர், மேலே கொஞ்சம் பாரஃபின். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார், ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று.