அறை உங்களுக்கு, அடுக்களை மாமிக்கு

கஞ்சிக்கோட்டில் வேலை கிடைத்து வரும் கோயமுத்தூர், பொள்ளாச்சிப் பிள்ளைகளில் சிலர் பாலக்காட்டு அக்கிரகாரங்களில் அறை தேடுகிறார்கள். கல்பாத்தியிலும் நூறணியிலும் மகன் மகள் வெளியூரில் இருக்க, வயதான தம்பதி மட்டும் மிஞ்சியிருக்கிற வீடுகள் உண்டு. வீட்டில் பேச்சு தமிழ்தான், வாடகையும் தாங்கும். முன் அறையை விடுகிறார்கள், "அடுக்களையை வேணும்னா உபயோகிச்சுக்கலாம்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் அறை காலியாகிற இடங்களில் வாடகைத் தகராறு குறைவு. அந்த "வேணும்னா" என்ற சொல்லுக்கு மாமி ஒரு பொருள் வைத்திருப்பார், தம்பி வேறொரு பொருள் எடுத்திருப்பார். தகராறு பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் வீட்டின் அமைப்பைப் பார்க்க வேண்டும். அக்கிரகார வீடு அகலம் குறைந்து நீளமாகப் போகும். திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம்கட்டு, அடுக்களை, கொல்லை, கிணறு என்று ஒரே வரிசை. வாடகை அறை பெரும்பாலும் ரேழியை ஒட்டி இருக்கும், குளியலறை கொல்லையில் இருக்கும். அதாவது பல் தேய்க்கப் போவதற்கே வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கும் கூடத்தைக் கடக்க வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டு கூடம் வழியாக நடப்பதை யாரும் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் மறுவாரம் முகம் மாறியிருக்கும். பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குத் தனி வாசல் உண்டா என்று அறை பார்க்கப் போகும் அன்றே கேளுங்கள். இருந்தால் அதற்கு ஒரு சாவி கேட்டு வாங்குங்கள். பாதிச் சங்கடம் அதிலேயே தீரும்.

இனி அடுக்களை. சைவச் சமையல் என்பது எல்லாருக்கும் தெரியும், சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. சில வீடுகளில் பூஜைக்கு நைவேத்தியம் ஆகும்வரை வேறு யாரும் அடுப்பைத் தொடுவதில்லை. சில வீடுகளில் 'பத்து' பார்ப்பார்கள். சோற்றைத் தொட்ட கையைக் கழுவாமல் தயிர்ப் பாத்திரத்தையோ ஊறுகாய் ஜாடியையோ தொடக்கூடாது என்பது அதன் நடைமுறை வடிவம். தெரியாத பையன் சாதம் போட்டுக்கொண்ட கரண்டியைத் தயிருக்குள் விடுவான், மாமி எதுவும் சொல்லாமல் மறுநாள் அந்தத் தயிரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி உள்ளே வைத்துவிடுவார். இது ஆசாரம், உங்களுக்கு ஒப்புமா இல்லையா என்பது வேறு விஷயம். ஒப்பாது என்றால் அந்த வீட்டில் அடுக்களையைக் கேட்காமல் அறையை மட்டும் எடுப்பது இரு தரப்புக்கும் நல்லது. வீட்டுக்காரர்களும் சாப்பாட்டு விதியைச் சாப்பாட்டு விதியாகவே சொல்ல வேண்டும். "நீங்க என்ன ஆளுக?" என்று சுற்றி வளைத்துக் கேட்பதைவிட "இங்கே முட்டை, மீன், இறைச்சி வேண்டாம், வெங்காயம் பூண்டு பரவாயில்லை" என்று நேராகச் சொல்வது மரியாதை.

நேரத்தை மணிக்கணக்கில் பேசிக்கொள்ளுங்கள். காலை 6 மணி ஷிப்டுக்குப் போகிறவர் 5 மணிக்கே கிளம்பியாக வேண்டும், மாமி அப்போதுதான் குளிக்கப் போவார். ஆகவே காலைச் சமையலை மறந்துவிட்டு, இரவு ஒரு வேளைக்கு மட்டும் 7.30 முதல் 8.15 வரை என்று வாங்கிக்கொள்வது நடக்கக்கூடியது. அந்த நேரத்துக்குள் சமைத்து, பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்து, தொட்டியில் தங்கிய சோற்றுப் பருக்கையையும் எடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். "அப்புறம் கழுவிக்கலாம்" என்று ஊறப்போட்ட குக்கர் இருக்கிறதே, பக்தியைவிட அதுதான் அதிகச் சண்டையைக் கிளப்புகிறது. ஒரு தட்டு, ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு கரண்டி என்று உங்களுக்கென வாங்கி, ஒரே அலமாரித் தட்டில் வையுங்கள். வீட்டுப் பாத்திரத்தை எடுக்க மாமியே சொன்னாலும் முதல் இரண்டு மாதம் எடுக்காதீர்கள்.

அடுப்பு எது என்பதில் கணக்கு வருகிறது. வீட்டு சிலிண்டரைப் பங்கு போட்டால் 14.2 கிலோவில் யார் எவ்வளவு எரித்தார் என்று அளக்க மீட்டர் கிடையாது. காலண்டரில் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறித்து வைப்பதுதான் வழி. நீங்கள் வருவதற்கு முன் 48 நாள் வந்தது இப்போது 36 நாள்தான் வருகிறது என்றால், கால் பங்கு உங்களுடையது. அறைக்குள் தனியாகச் சிறு சிலிண்டர் வைக்கும் யோசனை வேண்டாம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும், ரேழி அறையில் அது வெளியேற வழி இருக்காது.

அதனால் பலரும் இண்டக்‌ஷன் அடுப்புக்குப் போகிறார்கள். அங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முதலாவது பிளக். 2000 வாட் அடுப்பு ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், 1500 வாட் கெட்டில்கூட ஆறரை ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு அறைகளில் இருப்பது 6 ஆம்பியர் பிளக். முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. பிறகு சுவிட்ச் போர்டு கைக்குச் சூடாக இருக்கும், பிளக் முனை கருக்கும், மீன் செதில் கருகுவது போல ஒரு வாடை வரும். அந்த வாடை வந்தால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். 16 ஆம்பியர் பிளக்கும் அதற்கேற்ற தடிமனான கம்பியும் போட்ட பிறகே அடுப்பு. செலவு யாருடையது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

இரண்டாவது மின்கட்டணம். கேரளத்தில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். மாதம் 250 யூனிட் வரை, அதாவது பில்லுக்கு 500 யூனிட் வரை, படிப்படியான விகிதம். தொடக்க யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, மேலே போகப் போகக் கூடும். 500ஐத் தாண்டினால் படி கிடையாது, முதல் யூனிட்டிலிருந்தே மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விகிதம். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தம்பதி இரண்டு மாதத்தில் 380 யூனிட் எரிக்கிறார்கள். அறைக்காரர் 1500 வாட் அடுப்பைத் தினம் ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டினால் 60 நாளில் 90 யூனிட். 75 வாட் மின்விசிறி தினம் பத்து மணி நேரம் ஓடினால் 45 யூனிட். கூட்டினால் 515. தாண்டியது 15 யூனிட்தான், ஆனால் 515 யூனிட்டுக்கும் விகிதம் மாறிவிடும். பில் திடீரென்று குதித்ததும் மாமா, "ஒரு ஆள் வந்து இத்தனையா?" என்பார். அறைக்காரரோ தன் 135 யூனிட்டுக்கு மட்டும் காசு தருவார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

இதற்குத் தீர்வு அறைக்கு ஒரு சப்மீட்டர். பில் தேதியன்று இருவருமாக எண்ணைப் பார்த்து, மொத்தத் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, அறை யூனிட்டால் பெருக்கிக்கொள்ளலாம். இன்னொன்றும் செய்யலாம். அந்த மின்விசிறியை 28 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால் 45 யூனிட் 17 ஆகக் குறையும். 515 என்பது 487 ஆகி, வரம்புக்குள் நின்றுவிடும்.

வெளிச் சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. பிரியாணிப் பொட்டலம் அறைக்குள் வரலாமா என்று கேட்டே ஆக வேண்டும். ஒளித்துச் சாப்பிட்டால் வாசனை காட்டிக்கொடுக்கும். அனுமதித்த வீட்டிலும் பிசகுவது குப்பையில்தான். கேரளத்தில் பிளாஸ்டிக்கை வீடு வீடாக வந்து எடுப்பது ஹரித கர்ம சேனை. கழுவிக் காயவைத்துத் தர வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கோடு உங்கள் டப்பா மாமி கட்டி வைத்த சாக்குக்குள் போனால், அவர்களிடம் பதில் சொல்ல வேண்டியவர் மாமி. எலும்பு வீட்டுக் குப்பைத் தொட்டிக்குள் போகவே கூடாது. அசைவம் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவதுதான் எங்கள் கட்சி.

விருந்தாளிகளுக்கு வருவோம். அறை வாடகைக்கு எடுத்தவர் ஒருவர். இரண்டாவது ஆள் வீட்டுக்குள் நுழைந்தால் அவர் வீட்டுக்காரருக்கும் விருந்தாளி ஆகிவிடுகிறார். கூடத்தைக் கடந்துதான் கொல்லைக்குப் போவார், கிணற்றடியில் நிற்பார், மாமி காபி கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே மூன்று வகையாகப் பிரித்துப் பேசிக்கொள்ள வேண்டும். வாசலோடு போகிறவர்களுக்குத் திண்ணை இருக்கிறது, அதற்கு அனுமதி தேவையில்லை, குரல் மட்டும் தாழ்ந்திருக்கட்டும். அறைக்குள் வந்து உட்காருகிறவர்களுக்கு நேர வரம்பு வேண்டும், இரவு எட்டரை என்பது வழக்கத்துக்கு ஒத்து வரும். இரவு தங்குகிறவர்கள் என்றால் இரண்டு நாள் முன்னதாகக் கேட்க வேண்டும், எத்தனை ராத்திரி என்ற எண்ணோடு.

கேட்கிற விதமும் இருக்கிறது. "அம்மா நாளைக்கு வர்றாங்க" என்பது தகவல். "மாமி, சனிக்கிழமை எங்கம்மா வரலாம்னு இருக்காங்க. ரெண்டு ராத்திரி. உங்களுக்குத் தோதுப்படுமா?" என்பது கேள்வி. "அதுக்கென்ன, வரட்டும்" என்று பதில் வந்தால் சரி. "பார்ப்போம்" என்று வந்தால் இல்லை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் லாட்ஜ் பாருங்கள். அந்தத் தேதியில் அவர்கள் வீட்டில் திவசமாக இருக்கலாம், அன்றைக்கு அடுக்களைப் பக்கமே யாரும் போக முடியாது. திவசத் தேதிகளை வருட ஆரம்பத்திலேயே அறைக்காரரிடம் சொல்லிவிடும் வீட்டுக்காரர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

இரவு 10 மணிக்கு ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு விருந்தாளியைவிடக் கதவுதான் பிரச்சினை. பழைய தேக்குக் கதவு, உள்ளே இரும்புத் தாழ்ப்பாள். எழுபது வயதுக்காரர் எழுந்து வந்து அதை இழுக்கும் சத்தத்தில் பக்கத்து வீடும் விழிக்கும், சுவர் பொதுச் சுவர். கொல்லைச் சாவி இல்லாத வீட்டில், முன்கதவுக்கு வெளியிலிருந்து திறக்கும் பூட்டு ஒன்று மாட்டித் தர ஒப்புக்கொண்டால் மட்டும் அறையை எடுங்கள். பைக்கைத் தெருமுனையிலேயே அணைத்துத் தள்ளிக்கொண்டு வாருங்கள். ஷிப்டு நண்பன் கொண்டுவந்து விட்டால் திண்ணையில் நின்று பேசாமல் அனுப்புங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தப் பத்திரத்தில் இதெல்லாம் வராது. ஒரு வருடத்தைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பதால் எல்லாரும் அதே பதினொரு மாத மாதிரியைத்தான் நிரப்புகிறார்கள். கூடவே ஒரு வெள்ளைத்தாளில் அடுப்பு நேரம், அலமாரித் தட்டு, சப்மீட்டரின் தொடக்க எண், விருந்தாளி நேரம், சாவி எத்தனை என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கல்பாத்தியில் எடுக்கிறவர்கள் இன்னொரு வரியையும் சேர்க்க வேண்டும். நவம்பரில் தேர்த் திருவிழா வரும்போது வீட்டுக்காரரின் பிள்ளைகள், பேரன்பேத்திகள் எல்லாரும் வந்து இறங்குவார்கள், ரேழி அறைமேல்தான் முதலில் கண் விழும். அந்த நாட்களில் அறை உங்களுக்கே இருக்குமா, விட்டுக்கொடுப்பதானால் வாடகையில் எத்தனை நாள் கழியும், சாமான் எங்கே இருக்கும் என்பதை ஜூனிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.