பாவித்த தையல் இயந்திரம்: நிலையைச் சொல்லும் முடிச்சு

கொக்குவிலில் ஒரு வீட்டில் விற்பனைக்கு இருந்த தையல் இயந்திரத்தைப் பார்த்து விபரம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். “கறுப்பு மெசின், மோட்டர் பூட்டினது, நல்லாத் தைக்கும்” என்று வீட்டுக்கார அக்கா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வாங்குபவர் அறிய வேண்டியது அந்தக் கடைசிச் சொல்லுக்குள் மறைந்திருக்கிறது.

அது நேர்த்தையல் மட்டும் போடும் வகை. மேல்நூல், பொபின் நூல் என இரண்டு நூல்கள் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிணைத்துக் கொள்வதே அதன் தையல். ஊசி அடிவரை இறங்கித் திரும்ப மேலெழத் தொடங்கும்போது, நூல் துணியில் உரசித் தடைபடுவதால் அதனுடன் முழுதாக ஏறாமல் ஊசியின் பின்புறத்தில் சிறு வளையமாகப் புடைக்கிறது. ஊசி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் எழுந்த அந்தக் கணத்தில், துணிக்கு அடியில் பொபினைச் சுற்றியுள்ள ஷட்டிலின் கூரான முனை ஊசிக் கண்ணுக்குச் சற்று மேலே வந்து வளையத்தைக் கவ்வி, பொபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. பிறகு நூல் இழுக்கும் நெம்பு மேலெழுந்து முடிச்சை இறுக்குகிறது. முனை முந்தினாலோ பிந்தினாலோ, தேய்ந்திருந்தாலோ, ஊசி வளைந்திருந்தாலோ வளையம் தப்பி, அந்த இடத்தில் தையல் விடுபடும்.

ஆகவே முதலில் மோட்டரின் பட்டியைக் கழற்றிக் கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினேன். ஒரு சுற்று முழுவதும் ஒரே அளவு கனமாக இருந்தது. ஓரிடத்தில் மட்டும் இறுகினால் தண்டு வளைந்திருக்கலாம், நூல் சிக்கியிருக்கலாம். எங்கும் கனமாயிருந்தால் பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாகியிருக்கும். இங்கு சமையல் எண்ணெய் விட்டதாக அவர்களே சொன்னார்கள். அத்தகைய எண்ணெய் காற்றுப்பட்டுக் காலப்போக்கில் ஒட்டும் படலமாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவித் துடைத்துத் தையல் இயந்திர எண்ணெய் இட்டபின் சக்கரம் இலகுவானது.

அடுத்துப் பருத்தித் துணியில் தைத்தோம். மேற்பக்கம் அழகாக இருந்தது. அடிப்பக்கத்திலோ நூல் வளையங்கள் கொத்தாகத் தொங்கின. இதைக் கண்டதும் பலர் அடிநூலின் இறுக்கத்தை மாற்றும் பொபின் கேஸின் திருகைத் திருப்பத் தொடங்குவார்கள். ஆனால் அடிப்பக்கத்தில் தெரிந்த அந்த வளையங்கள் மேல்நூலுக்குரியவை. மேல்நூல் போதிய அளவு தடுக்கப்படாததால், பிணைப்புத் துணியின் நடுவில் நிற்காமல் கீழே இழுபட்டிருக்கிறது. அழுத்தும் பாதத்தை இறக்கிவிட்டு மேல்நூலை இழுத்தேன். இறுக்கமாக வர வேண்டிய நூல் வழுக்கிக்கொண்டு வந்தது. மேல்நூலை நெரித்துத் தடுக்கும் இறுக்கத் தட்டுகளைப் பிரித்தபோது இரண்டுக்கும் இடையில் பஞ்சும், உப்புக் காற்றின் மெல்லிய துருவும் இருந்தன. துணியால் துடைத்ததும் வளையங்கள் மறைந்தன. பொபின் கேஸை நூலில் தொங்கவிட்டுப் பார்த்தேன். அது தானாக வழுக்கி விழாமல், கையைச் சிறிது உதறியபோது மட்டும் சற்று இறங்கி நின்றது. அதன் திருகை நான் தொடவேயில்லை.

பிறகு நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியைத் தைத்தபோது இரண்டு இடங்களில் தையல் விடுபட்டது. பழைய ஊசியைக் கழற்றி 16ஆம் இலக்கப் புதிய ஊசியை முட்டும் வரை மேலேற்றிப் பூட்டியதும் அது நின்றது. நின்றிருக்காவிட்டால் ஷட்டில் முனை தேய்ந்திருக்கிறதா, அது வரும் நேரம் பிசகியிருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்குப் பழகிய கை தேவை.

மோட்டர் பின்னாளில் பூட்டியது. அதன் தகட்டில் 220–240 வோல்ற்று, 100 வாற்று என்றிருந்தது. எங்கள் 230 வோல்ற்று மின்சாரத்துக்கு அது பொருந்தும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த 110 வோல்ற்று மோட்டரை நேரே பூட்டினால் அது சூடேறிக் கருகிவிடும் என்பதால், தகட்டை வாசிக்காமல் செருகியைத் தொடக்கூடாது. கால்மிதியை மெல்ல அழுத்தியபோது வேகம் படிப்படியாக ஏறியது. காற்றுத் துவாரத்தினூடே சிறு நீலப் பொறி தெரிந்தது. இத்தகைய மோட்டரில் காபன் தூரிகை உரசுமிடத்தில் அது இயல்பு. பொறி பெரிதாகித் தாவினால், அல்லது கருகல் வாசனை வந்தால், தூரிகையையும் அது உரசும் செப்புப் பகுதியையும் சோதிக்க வேண்டும். பத்து நிமிட ஓட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

நான் எழுதிக் கொடுத்த விபரம் இதுதான்: “நேர்த்தையல் மட்டும், சிக்சாக் இல்லை. இரும்புக் கால்மேசையுடன். பின்னர் பூட்டிய 100 வாற்று மோட்டர், கால்மிதி. பட்டி ஓரத்தில் வெடிப்பு, மாற்ற வேண்டும். பொபின் கேஸ் ஒன்று, பொபின் ஐந்து, சாதாரண பாதம், விளிம்பு மடிக்கும் பாதம் உண்டு. சிப் பாதம் இல்லை. பருத்தியிலும் நான்கு மடிப்பு ஜீன்ஸிலும் தைத்துப் பார்த்தது. ஜீன்ஸுக்கு 16ஆம் இலக்க ஊசி வேண்டும். தைத்த துண்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.”