எளிய ஆங்கிலத்துக்கு 74 சதவீதம்

சென்ற ஆண்டு ஒரு மாலை, முனைவர் பட்ட மாணவர் ஒருவர் மடிக்கணினியும் ஒரு நீள நோட்டுமாக என் அறைக்கு வந்தார். மண்ணியலில் ஆய்வு செய்பவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். அவருடைய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தை நெறியாளர் ஏஐ எழுத்தைக் கண்டறியும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்திருக்கிறார். 74 சதவீதம் ஏஐ எழுதியது என்று காட்டியிருக்கிறது.

"மேடம், நோட்டுல கையால எழுதி வச்சுத்தான் டைப் பண்ணேன். ஒரு வரிகூட அதுகிட்ட கேட்டு எழுதல" என்றார். நோட்டைப் புரட்டினேன். அடித்தல், திருத்தல், ஓரத்தில் தமிழில் குறிப்புகள். அத்தியாயம் முழுக்க அதில் இருந்தது.

ஆய்வு மாணவர்களின் ஆங்கில எழுத்தைத் திருத்திக் கொடுப்பதும் அவர்களுக்குப் பயிற்சி அளிப்பதும் என் வேலை. கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இதே புகாரோடு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்தவர்கள். சிறுவயதிலிருந்தே வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த மாணவர்கள் இதற்காக என்னிடம் வந்தது மிகக் குறைவு. இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. அந்த மென்பொருள்கள் எதை அளக்கின்றன என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

அவற்றில் பல, பெர்ப்ளெக்சிட்டி என்ற ஓர் அளவைச் சார்ந்தவை. திகைப்பு அளவு என்று சொல்லிக்கொள்ளலாம். ஏஐக்கு அடிப்படையான மொழி மாதிரி ஒன்றிடம் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் காட்டி, அடுத்த சொல் எதுவாக இருக்கும் என்று ஊகிக்க விடுகிறார்கள். வந்த சொல் அது எதிர்பார்த்ததாகவே இருந்தால் திகைப்பு குறைவு. எதிர்பாராததாக இருந்தால் திகைப்பு கூடும். ஏஐ தானே எழுதும்போது பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்க சொற்களையே தேர்ந்தெடுக்கும் என்பதால், திகைப்பு குறைந்த எழுத்தை ஏஐ எழுதியதாக இருக்கலாம் என்று கணிக்கிறார்கள்.

கணக்காகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நான்கு சொற்கள் வரும் வாய்ப்பு முறையே 2-ல் 1, 4-ல் 1, 2-ல் 1, 4-ல் 1 என்றால், எல்லாவற்றையும் பெருக்கினால் 64-ல் 1 கிடைக்கும். சொற்கள் நான்கு என்பதால் 64-இன் நான்காம் மூலம்தான் திகைப்பு அளவு, ஏறக்குறைய 2.8. ஒவ்வோர் இடத்திலும் மூன்று சொற்களுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததுபோல என்று அர்த்தம். இந்த நான்கில் கடைசி இரண்டு சொற்களை மட்டும் அரிய சொற்களாக மாற்றி, வாய்ப்பை 50-ல் 1, 100-ல் 1 என்று ஆக்கினால் பெருக்கல் 40,000-ல் 1 ஆகிவிடும். திகைப்பு அளவு 14-ஐத் தாண்டும். மாறியது இரண்டே சொல். மனிதர் எழுதியதா இல்லையா என்ற தீர்ப்பு அந்த இரண்டு சொல்லில் புரண்டுவிடக்கூடும். ஏஐ எழுத்தையும் மனித எழுத்தையும் காட்டிப் பழக்கிய வேறு வகை மென்பொருள்களும் உண்டு. அவையும் சொல்வளம், வாக்கிய நீளம் போன்ற இதே தடயங்களைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

இப்போது என் மாணவரின் அத்தியாயத்துக்கு வருகிறேன். "ப்ளேஸ் எ வைட்டல் ரோல்" நான்கு இடங்களில் இருந்தது. பத்தி தொடங்கும் இடங்களில் "மோர்ஓவர்", "இன் அடிஷன்". முடியும் இடங்களில் "ஹென்ஸ் இட் ஈஸ் கன்க்ளூடட் தட்". வாக்கியங்கள் ஏறக்குறைய ஒரே நீளம். "ப்ளேஸ் எ வைட்டல்" வரை படித்த யாரும் அடுத்தது "ரோல்" என்று சொல்லிவிடுவார்கள். மொழி மாதிரியும் சொல்லிவிடும். திகைக்க அங்கே ஒன்றுமில்லை.

இந்தத் தொடர்கள் அவருக்கு எங்கிருந்து வந்தன? நாம்தான் கொடுத்தோம். ஆங்கிலக் கட்டுரையை நோட்ஸிலிருந்து மனப்பாடம் செய்யவைத்தோம். தப்பு வந்தால் மதிப்பெண் போகும் என்பதால், தெரிந்த சொல்லை, தெரிந்த அமைப்பில், சின்ன வாக்கியமாக எழுதப் பழக்கினோம். இரண்டாம் மொழியில் எழுதுபவர் ஒரு கருத்துக்குக் கையில் வைத்திருக்கும் சொற்கள் மூன்று என்றால், அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவரிடம் பத்து இருக்கும். மூன்றில் பாதுகாப்பானது எதுவோ அதைத்தான் முதலாமவர் எடுப்பார். அதைப் பலரும் எடுத்திருப்பார்கள் என்பதால் அதுவே ஊகிக்க எளிதான சொல்லாகவும் இருக்கும். அவர் கவனமாக எழுதிய கவனமே அவருக்கு எதிராகத் திரும்புகிறது. பிறகு இலக்கணம் திருத்தும் செயலியில் போட்டு, எஞ்சியிருந்த மேடுபள்ளங்களையும் சமப்படுத்திவிடுகிறார்கள். தமிழ் மணக்கும் ஒரு தவறான அமைப்பு இருந்திருந்தால் அங்கேயாவது மாதிரி கொஞ்சம் திகைத்திருக்கும்.

நான் வலிந்து சொல்வதாக நினைப்பவர்களுக்காக ஓர் ஆய்வைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ஸோ குழுவினர் 2023-இல் பேட்டர்ன்ஸ் இதழில் வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கென எழுதிய 91 கட்டுரைகளையும், அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதிய 88 கட்டுரைகளையும் ஏழு மென்பொருள்களில் ஓட்டிப் பார்த்தார்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் கட்டுரைகளில் தவறான தீர்ப்பு மிகக் குறைவு. டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதம் ஏஐ எழுதியது என்று வந்தது. 91-இல் 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு மென்பொருளாவது சந்தேகித்தது. 18 கட்டுரைகளை ஏழுமே ஒருமித்துக் குற்றம் சாட்டின. எல்லாம் மனிதர்கள் எழுதியவை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது அடுத்த படி. அதே டோஃபல் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்து, சொற்களை ஆங்கிலம் தாய்மொழியானவர் எழுதுவதுபோல் வளப்படுத்தச் சொன்னார்கள். தவறான தீர்ப்பு 61-லிருந்து 12 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. மறுபுறம், அமெரிக்க மாணவர்களின் கட்டுரைகளில் சொற்களை எளிமையாக்கச் சொன்னார்கள். 5 சதவீதத்தை ஒட்டியிருந்த தவறு 50-ஐத் தாண்டியது. அதாவது ஏஐயைத் தொடாதவர் மாட்டிக்கொண்டார், ஏஐயிடம் கொடுத்துச் சொல்லை மாற்றியவர் தப்பித்தார். மொழியின் எளிமையைத்தான் அந்த மென்பொருள்கள் பிடிக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை.

இந்த ஆய்வுக்கும் எல்லை உண்டு. கட்டுரைகள் சிறியவை, எண்ணிக்கையும் குறைவு. சோதித்த ஏழும் அன்றைய பதிப்புகள். எழுத்துத் திருட்டைக் கண்டறிய நம் பல்கலைக்கழகங்களில் அறியப்பட்ட டர்னிட்டின் என்ற மென்பொருள் அந்த ஏழில் இல்லை. 300 சொற்களுக்கு மேற்பட்ட எழுத்தில் இரண்டாம் மொழியினருக்குப் பெரிய வேறுபாடு இல்லை என்று அந்த நிறுவனம் தன் சோதனையை வைத்துச் சொல்கிறது. இருக்கட்டும். தவறு 1 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் கணக்கிட்டது. 2022-இல் அங்கே டர்னிட்டினில் சமர்ப்பிக்கப்பட்டவை 75,000 தாள்கள். அதில் 1 சதவீதம் என்றால் 750 தாள்கள் வீண்பழிக்கு உள்ளாகியிருக்கும். 2023 ஆகஸ்டில் அந்தக் கண்டறியும் வசதியையே நிறுத்திவிட்டார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் தானே வெளியிட்ட கண்டறியும் கருவியையும், துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

நம் ஊரில் இதோடு இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை, எழுத்துத் திருட்டில் 10 சதவீத ஒப்புமை வரை தண்டனை இல்லை என்கிறது. அது ஏற்கெனவே வெளியான எழுத்தோடு உள்ள ஒப்புமைக்கான அளவு. அதே பத்தை ஏஐ சதவீதத்துக்கும் வைத்துப் பேசும் நெறியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு. ஒப்புமை அறிக்கை, இந்த வரி இந்தக் கட்டுரையில் இருக்கிறது என்று மூலத்தைக் காட்டும், நாம் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஏஐ சதவீதத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கிடையாது. அது ஒரு கணிப்பு. மறுத்துச் சொல்ல மாணவருக்கு எதிரில் ஒன்றும் இருக்காது.

என் மாணவரிடம் முதலில் கேட்டது, அறிக்கையில் எந்த வரிகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறது என்பது. முன்னுரைப் பத்திகளும், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன பத்திகளும் முழுக்க வண்ணத்தில் இருந்தன. நடுவே இரண்டு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. படித்தேன். கரிசல் நிலத்தில் ஏரி வண்டலை அடிக்கும் பழக்கத்தைப் பற்றி அவர் ஊர் விவசாயிகளிடம் கேட்டு எழுதிய பகுதி. வண்டி கணக்கு, மாதம், எந்த ஏரி, எந்தப் பக்கத்து மண் என்று எல்லாம் இருந்தது. ஆங்கிலம் அங்கேயும் அதே எளிய ஆங்கிலம்தான், ஆனால் எழுதியிருந்த செய்தியை எந்த மாதிரியாலும் ஊகிக்க முடியாது. ஒரே கை எழுதிய ஒரே அத்தியாயத்தில் வண்ணம் சூத்திர வாக்கியங்களில் மட்டும் தேங்கியிருந்தால், வாய்ப்பாட்டு மொழியைத்தான் மென்பொருள் பிடித்திருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு.

அகராதியைப் பார்த்து அரிய சொற்களைத் தூவலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பொருந்தாத சொல் ஆய்வேட்டைக் கெடுக்கும், நாளைக்கு வாய்மொழித் தேர்வில் அவராலேயே விளக்கவும் முடியாது. காசு வாங்கிக்கொண்டு எழுத்தை "மனிதமாக்கித்" தரும் தளங்களின் பக்கம் போகவே கூடாது என்றும் சொன்னேன். அதுவரை இல்லாத குற்றம் அப்போது உண்மையாகிவிடும். தமிழில் எழுதி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்த பத்தி ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொண்டேன். அது இயந்திரம் எழுதிய ஆங்கிலம்தான். இருந்தால் நெறியாளரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இல்லை என்றார்.

பிறகு சான்றுகளைத் தேடி எடுத்தோம். நோட்டின் பக்கங்களைத் தேதி வரிசையில் படம் எடுத்தோம். தட்டச்சு செய்தது கூகுள் டாக்ஸில் என்பதால் `Version history` திறந்தோம். ஐந்து வாரங்களாகப் பத்தி பத்தியாக வளர்ந்திருந்தது, ஒரேயடியாக ஒட்டிய பெரிய பகுதி எங்கும் இல்லை. படித்த கட்டுரைகளின் அச்சுப் பிரதிகளில் அவர் கோடிட்ட இடங்களையும் சேர்த்துக்கொண்டோம். கடைசியாக, அத்தியாயத்தில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள், பதில் சொல்கிறேன் என்று நெறியாளருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னேன்.

நெறியாளர் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டாராம். பெரும்பகுதி தமிழிலேயே. இறுதியில் அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டார். "வைட்டல் ரோல்" இருந்த நான்கு இடங்களில் மட்டும், மண் அங்கே உண்மையில் என்ன செய்கிறது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னாராம். அதை நானும் சொல்லியிருப்பேன்.