மான்டே கார்லோ: 95 வயது வரை பணம் வருமா?

ஓய்வுக்காலத் திட்டம் போட்டுத் தரும் ஆலோசகர்கள் ‘மான்டே கார்லோ ஓட்டிப் பார்த்தோம்’ என்பார்கள். மான்டே கார்லோ என்பது மொனாக்கோவில் சூதாட்ட விடுதிக்குப் பேர்போன இடம். 1946இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதர் ஸ்டனிஸ்லாவ் உலாம், தனியாக ஆடும் ஒரு சீட்டாட்டம் கைகூட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட முயன்றார். சூத்திரத்தில் சிக்கவில்லை. நூறு முறை ஆடி எண்ணினால் போதுமே என்று தோன்றியது. அதை அணு ஆய்வில் ஜான் வான் நியூமனுடன் பயன்படுத்தினார். உலாமின் சித்தப்பா மான்டே கார்லோவில் சூதாடுபவர் என்பதால் சக ஆய்வாளர் நிக்கலஸ் மெட்ரோபொலிஸ் இந்தப் பெயரைச் சூட்டினார்.

தமிழில் ‘சமவாய்ப்புப் பாவனை’ எனலாம். சமவாய்ப்பு, பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கும் சொல். பாவனையை ‘உருவகப்படுத்துதல்’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் எனக்கு அணி இலக்கணம்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். மதுரை கே.கே. நகரில் 60 வயதில் ஓய்வுபெற்ற ஒருவர் கையில் 1 கோடி ரூபாய். மாதம் 40,000, அதாவது ஆண்டுக்கு 4.8 லட்சம் செலவு. அது ஆண்டுதோறும் 6% கூடுகிறது. முதலீடு சராசரியாக 10% தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் சரியாக 10% வந்தால், 35 ஆண்டுகளுக்குப் பணம் தாங்கும்.

ஆனால் சந்தை அப்படித் தராது. முதல் ஆண்டிலேயே 20% விழுந்தால், செலவுபோக மிஞ்சிய 95.2 லட்சம் 76 லட்சமாகிவிடும். அடுத்த ஆண்டுச் செலவு 5.09 லட்சம். அது கையிருப்பில் கிட்டத்தட்ட 6.7%, அப்புறம் சந்தை ஏறினாலும் ஏறுவதற்குப் பணம் குறைவு. இதே சரிவு 90 வயதில் வந்தால் இவ்வளவு அடி இல்லை. சராசரி மறைப்பது இந்த வரிசையைத்தான்.

ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் தாயக்கட்டை உருட்டுவதுபோல் ஒரு வருமானத்தை எக்செல் எடுத்துத் தருகிறது. 12% திட்ட விலக்கம் என்று வைத்தால்:

```
=NORM.INV(RAND(),0.10,0.12)
```

இப்படி 35 ஆண்டுகள் ஓட்டினால் ஒரு வாழ்க்கை. ஆயிரம் வாழ்க்கை ஓட்டி, எத்தனையில் 95 வரை பணம் நின்றது என்று எண்ண வேண்டும். மேலே சொன்ன ‘தாங்கும்’ திட்டம் இதில் பாதியைக்கூடத் தொடாது. செலவை மாதம் 30,000 ஆக்கினால் சுமார் முக்கால் பங்கு தேறும்.

நூறு தடவை மட்டும் ஓட்டினால் விடை பத்துச் சதவீதப் புள்ளி வரை அங்குமிங்கும் ஆடும். ஆயிரத்தில் அது மூன்றுக்குள் அடங்கும். அதற்குமேல் பத்தாயிரம் ஓட்டுவதால் பெரிய லாபமில்லை. 10% என்பதை 9% ஆக்கிப் பாருங்கள், அதுதான் விடையைப் புரட்டும். இந்தச் சூத்திரம் ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாக எடுப்பதால், தொடர்ந்து பல ஆண்டுகள் சந்தை படுத்துக் கிடப்பதையும் சரியாகக் காட்டாது. பெரிய மருத்துவச் செலவும் இதில் இல்லை.

ஆலோசகர் 75% என்று சொன்னால், மீதி 25% வாழ்க்கைகளில் எந்த வயதில் பணம் தீர்ந்தது என்றும் கேளுங்கள். 93இல் தீர்வதும் 78இல் தீர்வதும் அந்தச் சதவீதத்தில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன.