மூடிய பவளப்பாரிலிருந்து எவ்வளவு மீன் வெளியே வரும்?

பிலிப்பைன்ஸின் செபு தீவின் தெற்கு முனை அருகே சுமிலோன் என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. 1974இல் அதைச் சுற்றியுள்ள பவளப்பாரில் கால் பங்கை சில்லிமான் பல்கலைக்கழகத்தினர் மீன்பிடிக்கு மூடினார்கள். அங்கே தூண்டில்கூடப் போடக் கூடாது. ஏறக்குறைய பத்து வருடம் கழித்து, 1984இல், கட்டுப்பாடு உடைந்தது. பார் முழுவதிலும் படகுகள் இறங்கின. இடம் கூடியதால் மீன்பாடும் கூடியிருக்க வேண்டும் அல்லவா? அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மொத்த மீன்பாடு 54 சதவீதம் சரிந்தது. அதே உழைப்புக்குத் தூண்டிலிலும் செவுள் வலையிலும் கிடைத்தது பாதிக்கும் கீழே போனது.

மூடிய கால் பங்கு இத்தனை வருடமும் மற்ற முக்கால் பங்குக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் இதை அளந்த கடலுயிரியலாளர்கள் ஏஞ்சல் அல்காலா, கேரி ரஸ் இருவரும் எடுத்த முடிவு. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கட்டுப்பாடு போனதும் வெடி வைத்தும், பவளத்தை இடித்து மீனை வலைக்குள் விரட்டியும் பிடித்தார்கள். பாரே நொறுங்கினால் மீன் குறையத்தான் செய்யும். சரிவில் எவ்வளவு அதனால், எவ்வளவு காப்பிடம் போனதால் என்று பிரிக்க முடியாது.

அதனால் பக்கத்து ஆப்போ தீவின் கதை எனக்கு இன்னும் முக்கியம். அங்கே 1982 முதல் ஊர்க்காரர்களே காவல் காத்து, மீன் பிடிக்கும் பாரில் பத்தில் ஒரு பங்கை மூடி வைத்திருக்கிறார்கள். தீவின் மீன்பாட்டில் பெரும்பகுதி இரண்டு குடும்பங்கள்: ஒன்று பாரை மீன், இன்னொன்று வாலடியில் கத்தி போன்ற முள் உள்ள அறுவை மீன். 1983க்கும் 2001க்கும் இடையே மூடிய பகுதியில் இவற்றின் மொத்த எடை மூன்று மடங்கானது. வெளியேயும் கூடியது, ஆனால் எல்லையிலிருந்து சுமார் 250 மீட்டருக்குள் மட்டும். அதைத் தாண்டினால் அந்த உயர்வு தெரியவில்லை.

ஏன் இவ்வளவு குறுகிய தூரம்? பார் மீனுக்கும் ஒரு வட்டாரம் உண்டு. மேயும் இடம், உறங்கும் பொந்து என்று சில நூறு மீட்டருக்குள்ளேயே பல மீன்களின் வாழ்க்கை முடிந்துவிடும். எல்லையோரத்தில் வட்டாரம் வைத்திருக்கும் மீன் கோட்டைத் தாண்டி மேயப் போகும். உள்ளே நெரிசல் கூடும்போது, இடமோ இரையோ கிடைக்காதவை வெளியே நகரும். மீனவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எல்லைக் கோட்டை ஒட்டியே தூண்டில் போடுவார்கள். அப்படி வந்த மீனை உடனுக்குடன் எடுத்துவிட்டால், வழிந்து வந்தது நிஜமாக இருந்தாலும் வெளியே மூழ்கி எண்ணுபவரின் கண்ணுக்கு அது தெரியாது. அதைக் காண மீன்பாட்டைத்தான் எடைபோட வேண்டும்.

ஆப்போவில் அதையும் செய்தார்கள். அறுவை மீன், எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் தூண்டில் போட்டவர்களுக்கு அதிகம் கிடைத்தது. பாரை மீனோ தலைகீழ்: காப்பிடத்துக்குத் தள்ளியே அதிகம். நீரோட்டம் காரணமாக இருக்கலாம் என்றார்கள். மொத்தத்தில் 1998–2001இல் தூண்டில்காரரின் மீன்பாடு, அதே உழைப்புக்கு, 1980களின் முதல் பாதியைவிட 50 சதவீதம் அதிகம். ஆனால் 1986க்குப் பிறகு தூண்டில் உழைப்பே 46 சதவீதம் குறைந்திருந்தது. போட்டி குறைந்தால் தலைக்கு வரும் பங்கு கூடத்தானே செய்யும்? இதையும் சேர்த்துப் பார்க்காமல் முழுப் பெருமையையும் காப்பிடத்துக்குக் கொடுப்பது சரியல்ல.

மீனவருக்கு நிகர லாபமா என்பது வேறு கேள்வி. பத்தில் ஒரு பங்கை மூடினால், மீதி ஒன்பது பங்கு ஒவ்வொன்றும் முன்பைவிட 11 சதவீதம் அதிகம் தர வேண்டும். அப்போதுதான் பழைய மீன்பாடு திரும்பும். கால் பங்கை மூடினால் 33 சதவீதம். மீன் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடிபட்டு வற்றிய இடத்தில்தான் இது எளிது. நன்றாக நிர்வகிக்கப்படும் கடலில் மூடியதால் இழந்ததை மீட்பதே கடினம். தூரம் தூரமாக அலையும் சூரை போன்றவற்றுக்குச் சின்னக் காப்பிடம் ஒரு நாள் பயணம்கூட இல்லை.

இந்தக் கணக்கைக் கச்சிதமாகப் போட்டது ஸ்பெயினில். மத்தியதரைக் கடலில் கொலும்பிரெட்டஸ் தீவுகளைச் சுற்றி 1990 முதல் மூடிய கடலில், சிங்கி இறால்களுக்கு அடையாளத் துண்டு மாட்டி விட்டார்கள். வெளியே எவை எங்கே பிடிபட்டன என்று பல வருடம் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் எல்லையைக் கடந்தன. வெளியேறியவை, வெளியே கிடப்பவற்றைவிடப் பெரியவை. மூடியதால் போன மீன்பாட்டைக் கழித்த பிறகும், மீனவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் கூடுதலாக நின்றது. எண்ணிக்கையில் அல்ல, எடையில்.