போன் மாற்றினால் வங்கிச் செயலி ஏன் திறப்பதில்லை: ஒரு எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் விஷயம்

எங்கள் சித்தப்பா போன மாதம் புதுப் போன் வாங்கினார். பழைய போனிலிருந்த சிம் பழையதாகிவிட்டது என்று கடைக்காரர் சொல்ல, அங்கேயே அதே எண்ணுக்குப் புது சிம்மும் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியைத் திறந்தால் ‘எஸ்எம்எஸ் சரிபார்ப்பு தோல்வி’ என்று வந்தது. ஆறு முறை முயன்றும் அதே பதில்தான். போன் கோளாறு என்று நினைத்துக் கடைக்கே திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார்.

போனில் கோளாறே இல்லை. வங்கிச் செயலி ஒரு போனோடும் அதிலுள்ள சிம்மோடும் கட்டப்பட்டிருக்கும். இதைத்தான் டிவைஸ் பைண்டிங் என்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பேமென்ட் பாதுகாப்பு விதிகள் இதைக் கட்டாயமாக்கின. உங்கள் பாஸ்வேர்டு யாருக்காவது தெரிந்துவிட்டாலும், அவர் தன் போனில் உட்கார்ந்துகொண்டு உங்கள் கணக்கைத் திறக்க முடியக் கூடாது என்பதுதான் நோக்கம். நீங்களே போன் மாற்றினாலும் வங்கியின் கண்ணுக்கு அது அந்நியப் போன்தான். அதனால் புதிதாகப் பதிவு செய்யச் சொல்கிறது.

அந்தப் பதிவு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஓடிபியில் வங்கி நமக்கு எஸ்எம்எஸ் அனுப்பும். இங்கே நாம் வங்கிக்கு அனுப்புகிறோம். செயலி, புதுப் போனின் அடையாளத்தை வைத்து எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஒரு குறியீட்டை உருவாக்கி, உங்கள் சிம்மிலிருந்து வங்கியின் ஒரு எண்ணுக்கு அனுப்பும். அந்த எஸ்எம்எஸ் எந்த எண்ணிலிருந்து வந்தது என்று வங்கி பார்க்கும். கணக்கில் பதிவான எண்ணாக இருந்தால், ‘இந்தப் போன் இவருடையது’ என்று குறித்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் நீங்கள் அனுமதி கொடுத்ததும் இது பெரும்பாலும் தானாகப் போய்விடும். ஐபோனில் மெசேஜ் பெட்டி திறந்து, புரியாத எழுத்துகளோடு தயாராக நிற்கும். அனுப்பும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும். அழித்துவிட்டு வேறு ஏதாவது எழுதிவிடக் கூடாது.

ஆக, செயலி திறக்கவில்லை என்றால் முதலில் அந்த எஸ்எம்எஸ் போனதா என்று பார்க்க வேண்டும். புதுப் போனிலிருந்து வீட்டில் ஒருவருக்கு ‘டெஸ்ட்’ என்று சாதாரண எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். வாட்ஸ்அப் போகிறதே என்று இருந்துவிடாதீர்கள், அது இன்டர்நெட்டில் போவது. எஸ்எம்எஸ் போகவில்லை என்றால், ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், அல்லது பேக்கில் எஸ்எம்எஸ் இல்லாமல் இருக்கலாம். இரண்டு சிம் உள்ள போனில், செயலியில் ஒரு சிம்மைத் தேர்வு செய்திருக்க, எஸ்எம்எஸ் இன்னொன்றிலிருந்து போவதும் அடிக்கடி நடக்கிறது. பதிவு முடியும்வரை இன்னொரு சிம்மை அணைத்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சித்தப்பாவின் சிக்கல் இவை எதுவும் இல்லை. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் போகாமலும் வராமலும் நிறுத்தி வைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை 2022இல் உத்தரவிட்டிருக்கிறது. வேறு ஒருவர் உங்கள் பெயரில் போலி சிம் வாங்கி, உடனே ஓடிபியைப் பிடித்துப் பணத்தை எடுத்துவிடாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. அழைப்பு வரும், இன்டர்நெட் ஓடும், எஸ்எம்எஸ் மட்டும் அசையாது. அதனால் போனும் சிம்மும் ஒரே நாளில் மாற்றுகிறவர்கள், அன்றைக்குத் தேவையான பணத்தை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. செயலியைத் திரும்பத் திரும்ப முயன்று, தவறான முயற்சி என்று பூட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

இப்போதுதான் ஆபத்தான இடத்துக்கு வருகிறேன். செயலி திறக்காத பதற்றத்தில் சித்தப்பா கூகுளில் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, கிடைத்த எண்ணுக்குப் பேசினார். பேசியவர் அழகான தமிழில், “சார், உங்க போனை நானே ரிஜிஸ்டர் பண்ணித் தரேன். வாட்ஸ்அப்ல ஒரு கோடு அனுப்புறேன், அதை அப்படியே காப்பி பண்ணி நான் சொல்ற நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க” என்றார். எஸ்எம்எஸ் முடங்கியிருந்ததால் அது போகவில்லை. அன்றைக்கு அந்த 24 மணி நேரத் தடைதான் அவரைக் காப்பாற்றியது.

அந்தக் கோடு என்ன என்று பாருங்கள். பேசியவர் தன் போனில் செயலியை வைத்துக்கொண்டு சித்தப்பாவின் எண்ணைப் போட்டிருக்கிறார். அவர் போனுக்கான குறியீடு உருவாகியிருக்கிறது. அது சித்தப்பாவின் சிம்மிலிருந்து வங்கிக்குப் போனால், அந்த ஆள் கையிலிருக்கும் போன்தான் சித்தப்பாவின் போன் என்று வங்கி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கார்டு விவரத்தையோ பின்னையோ பேசி வாங்கிவிட்டால் போதும். ஓடிபியைச் சொல்லக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் நாமே ஒரு எஸ்எம்எஸ் அனுப்புவதும் அதே அளவுக்கு ஆபத்து என்று பலருக்குத் தெரியவில்லை. அந்தக் குறியீட்டை உங்கள் போனில் உள்ள செயலி மட்டுமே உருவாக்க வேண்டும். வேறு எவர் அனுப்பியதையும் எந்த எண்ணுக்கும் அனுப்பாதீர்கள்.

பாதுகாப்பாகச் செய்ய வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். பழைய போன் கையில் இருந்தால், முதலில் அதில் செயலியின் பதிவை நீக்கிவிடுங்கள். புதுப் போனில் பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரிலிருந்து மட்டும் செயலியை இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு வேண்டவே வேண்டாம். திரையைப் பகிரும் செயலி ஏதாவது இருந்தால் எடுத்துவிடுங்கள். அது ஓடும்போது வங்கிச் செயலி திறக்க மறுப்பதும் உண்டு, அதுவும் அதே 2021 விதிகளில் சொன்னதுதான். சந்தேகம் வந்தால், டெபிட் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்ட எண்ணுக்கே பேசுங்கள். கணக்கில் இருப்பது பழைய எண், அது இப்போது உங்களிடம் இல்லை என்றால், வங்கியில் எண்ணை மாற்றாமல் எந்தச் செயலியும் திறக்காது.

யுபிஐக்கும் இதே எஸ்எம்எஸ் வழிதான். போன் மாறினாலும் உங்கள் யுபிஐ பின் மாறாது, பழைய பின் எண்ணே செல்லுபடியாகும். ஆனால் புதுப் போனில் பதிவு செய்ததும் பல வங்கிகளில் ஆண்ட்ராய்டில் முதல் 24 மணி நேரமும் ஐபோனில் 72 மணி நேரமும் 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். பணம் போகவில்லை என்று பதறிப் பின்னை மாற்ற வேண்டியதில்லை.

நீங்கள் ஒன்றும் செய்யாமலே, ‘உங்கள் கணக்கு புதிய சாதனத்தில் பதிவாகியுள்ளது’ என்று தகவல் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். வங்கியின் எண்ணுக்குப் பேசி மொபைல் பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் 1930க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் பதியுங்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த விதிப்படி, நம் கவனக்குறைவால் விவரம் வெளியே போயிருந்தால் புகார் கொடுக்கும்வரையிலான இழப்பு நம்முடையது. புகார் கொடுத்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. அதனால் புகார் கொடுத்த நேரம் பதிவாகியிருப்பது முக்கியம். வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

சித்தப்பா மறுநாள் மாலை அதே செயலியைத் திறந்தார். எஸ்எம்எஸ் போனது, சில நொடிகளில் பச்சை டிக் வந்தது.