குள்ளநரியும் மாத்திரைக் கணக்கும்

டோரா பார்த்து வளர்ந்து, இப்போது தன் பிள்ளைக்கு அதையே போட்டுக் காட்டும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "குள்ளநரி திருடக்கூடாது என்ற வசனம் இத்தனை வருஷம் கழித்தும் வாயிலேயே நிற்கிறதே, ஏன்?" நான் பல நாளாக எழுத நினைத்த விஷயம் இது.

டோரா 2000-ல் அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் தொடங்கிய தொடர். 2007-ல் சுட்டி டிவி வந்த பிறகு தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது டோராவின் பயணங்கள் ஆனது. டப்பிங் எப்படி நடக்கிறது என்பது ஓரளவு தெரிந்த கதைதான். படம் மாறாது. பின்னணி இசையும் சத்தங்களும் தனி டிராக்காக வந்துவிடும். பேச்சையும் பாட்டையும் மட்டும் தமிழில் எழுதி, குரல் கொடுப்பவர்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள். அதனால் எழுதுகிறவருக்குக் கிடைப்பது, ஆங்கில வசனம் எத்தனை நொடி ஓடியதோ அத்தனை நொடிதான்.

அந்த நொடிகள் தமிழுக்கு எளிதில் போதாது. 'வருகிறது' ஐந்து எழுத்து, 'வருது' மூன்றே எழுத்து. பாத்திரங்கள் பேச்சுத்தமிழ்ப் பக்கம் சாய்வதற்கு இயல்பாக இருக்கும் என்பது மட்டும் காரணமில்லை, நேரமும் ஒரு காரணம். டோராவில் இது இன்னும் கறார். அவள் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, திரையிலிருந்து நம்மைப் பார்த்தபடி பேசாமல் நிற்பாள். பார்க்கிற குழந்தை பதில் சொல்வதற்காக விட்ட இடைவெளி அது. தமிழ்க் கேள்வி ஒரு நொடி நீண்டால், குழந்தையின் பதில் நேரத்தில் ஒரு நொடி போய்விடும். குழந்தை வாய் திறப்பதற்குள் டோரா "சரியாச் சொன்னே" என்று பாராட்டிவிடுவாள்.

சரி, குள்ளநரிக்கு வருவோம். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஸ்வைப்பர், வசனம் "ஸ்வைப்பர், நோ ஸ்வைப்பிங்". திருடுவதைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லே அங்கே பெயராகவும் இருக்கிறது. அந்தப் பெயரை அப்படியே வைத்திருந்தால் நம் பிள்ளைக்கு வெறும் சத்தமாகத்தான் இருந்திருக்கும். குள்ளநரி என்றதும் பாட்டி சொன்ன கதைகளிலிருந்து அதன் குணம் தானாக வந்து சேர்கிறது.

'திருடாதே' என்று எழுதாமல் 'திருடக்கூடாது' என்று எழுதியது அதைவிட நல்ல வேலை. வீட்டில் சின்னப் பிள்ளையிடம் நாள் முழுக்கச் சொல்லப்படும் சொல் 'கூடாது'. அதில் நீ, நீங்கள் என்ற பேதம் இல்லை. பேச்சிலும் எழுத்திலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். டோரா, அவள் நண்பன், டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை என யார் சொன்னாலும் பொருந்தும்.

ஒலியையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஐந்து அசை, தமிழில் பத்து. ஆனால் ஆங்கில அசைகளில் மூன்று நன்றாக நீளுபவை. தமிழிலோ எட்டு குறில், கடைசிப் பக்கத்தில் 'கூடா' என்ற இடத்தில் மட்டும் இரண்டு நெடில். அதனால் குறில்கள் விறுவிறுவென்று ஓடி, அழுத்தம் வேண்டிய இடத்தில் குரல் நீள்கிறது. இதழ் குவியும் ஒலிகளும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன: அங்கே 'ஸ்வை', 'நோ', 'ஸ்வை', இங்கே 'கு', 'ரு', 'கூ'. ஒரு குறை, ஆங்கில வசனத்தில் 'ப்' வரும்போது உதடு இரண்டு முறை ஒட்டும். தமிழில் ஒரு தடவைகூட ஒட்டாது. பெரியவர்கள் படத்தில் இது உறுத்தும். பிள்ளைகளுக்கு அவ்வளவு உறுத்தாது என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. 1976-ல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற இருவர், ஒரு ஒலியைக் கேட்கும்போது வேறொரு ஒலிக்கான வாயசைவைப் பார்த்தால் காதே ஏமாறுகிறது என்று காட்டினார்கள். அந்தச் சோதனையில் பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகள் குறைவாகவே ஏமாந்தார்கள்.

டோராவின் நண்பனான குரங்கு, ஆங்கிலத்தில் பூட்ஸ், தமிழில் புஜ்ஜி. உதடு ஒட்டித் திறப்பதும் உகரமும் அப்படியே இருக்க, நடுவில் மெய் இரட்டித்து இன்னொரு அசை கூடியிருக்கிறது. அம்மா, அப்பா, தாத்தா, பாப்பா, மம்மு என்று தமிழ்க் குழந்தையின் முதல் சொற்கள் பலவற்றுக்கும் இதே அச்சுதான். குழந்தை வாய்க்குச் சீக்கிரம் வசப்படுவது உதட்டொலி. இரட்டித்த மெய்யில் நாக்கோ உதடோ கொஞ்சம் தங்கி நிற்க நேரமும் கிடைக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம், பாட்டு. மெட்டு ஏற்கெனவே இசை டிராக்கில் இருக்கிறது, அதை மாற்ற முடியாது. சினிமாவில் தத்தகாரத்துக்குச் சொல் போடுவது போன்ற வேலைதான். ஆங்கிலத்தில் எந்த உயிரையும் பாட்டில் இழுக்கலாம், சொல் மாறுவது அரிது. தமிழில் குறிலை இழுத்தால் அது வேறு சொல். படம் பாடமாகும், கல் காலாகும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கண வகுப்பில் படித்தது இங்கே அன்றாட வேலைக்கு வருகிறது.

ஒரு உதாரணத்தை நானே போட்டுப் பார்க்கிறேன். மெட்டு 'தான தான தானா' என்று வைத்துக்கொள்வோம். "பாலம் தாண்டிப் போலாம்", "காடு தாண்டிப் போலாம்", இரண்டும் அழகாக உட்காரும். அடுத்தது மலை. "மலை ஏறிப் போலாம்" என்று எழுதினால், முதல் ஸ்வரம் நீளமானது என்பதால் பாடுகிறவர் மகரத்தை இழுத்தாக வேண்டும். காதில் விழுவது "மாலை ஏறி". பெரியவர் மலை என்று தானே திருத்திக்கொள்வார். அந்தச் சொல்லையே இப்போதுதான் கற்கும் மூன்று வயதுக்காரருக்கு அந்த வசதி இல்லை.

'குன்று' என்று மாற்றலாம். நீளத்தை 'ன்' என்ற மூக்கொலியில் ஏற்றிவிட்டால் உகரம் குறிலாகவே இருக்கும். தமிழ்ப் பாட்டில் ங், ண், ம், ன் எல்லாம் இப்படி இழுவைக்கு இடம் தரும். ஆனால் குன்று என்றால் அந்த வயதுக்குப் புரியாது. இன்னொரு வழி, இரண்டு மாத்திரை உள்ள ஸ்வரத்தை இரண்டாகப் பிளந்து 'மலை' முழுவதையும் அதற்குள் வைப்பது. சொல்லின் கடைசியில் ஐகாரம் குறுகி ஒரு மாத்திரைதான் ஒலிக்கும் என்பதால் கணக்கு சரியாக வரும். மிச்சமிருக்கும் குறில் இடத்துக்கு ஒரு 'யில்'. "மலையில் ஏறிப் போலாம்." சொல்லும் எளிமை, மெட்டும் கெடவில்லை, இழுவையும் இல்லை. யாப்பில் நிரையசை என்று நாம் மனப்பாடம் செய்தது இங்கே ஒரு பாலர் பாட்டைக் காப்பாற்றுவது எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஒரு பாட்டு நன்றாக டப் ஆகியிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். திரையைப் பார்க்காமல் கேட்டு, காதில் விழுந்தபடியே குறில் நெடிலோடு எழுதுங்கள். அப்புறம் உங்கள் பிள்ளை பாடும்போது அதையும் எழுதுங்கள். இரண்டிலும் ஒரே இடத்தில் சொல் மாறியிருந்தால் பிழை பாட்டில் இருக்கிறது, பிள்ளையிடம் இல்லை.

எந்த வயதுக்கு எந்தச் சொல் புரியும் என்பதை டப்பிங் எழுதுகிறவர்கள் இன்றும் பெரும்பாலும் தங்கள் வீட்டுப் பிள்ளையை வைத்தே ஊகிக்கிறார்கள் என்பது என் எண்ணம். இந்தியாவின் தொடக்ககாலக் கணினிகளில் ஒன்றான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆர். நரசிம்மன், பின்னாளில் ஆர். வைத்தியநாதனோடு சேர்ந்து தமிழ்க் குழந்தைப் பேச்சைப் பதிவு செய்தார். அது சைல்ட்ஸ் என்ற உலகக் குழந்தைப்பேச்சுத் தொகுப்பில் இருக்கிறது. மதுரை, நெல்லை, கோவை, யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராக இப்படிப் பதிவு செய்ய ஒலிவாங்கியும் பொறுமையான ஆட்களும் சில வருடச் சம்பளமும் இருந்தால் போதும். பல்கலைக்கழகங்கள் தமிழுக்கு என்று ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்குத் தர வேண்டும்.